ஏற்பதா, எதிர்ப்பதா: இங்கிலாந்தில் படிப்பவருக்கு மார்க்கும் முறைகேட்டுப் புகாரும்

இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. படிக்கும் ஒருவருக்கு இரண்டு வகையில் அடி விழலாம். ஒன்று, எதிர்பார்த்ததற்கு வெகு கீழே வந்து நிற்கும் மார்க். மற்றொன்று, 'உங்கள் அசைன்மென்ட்டில் கல்வி முறைகேடு நடந்திருப்பதாகச் சந்தேகிக்கிறோம்' என்று வரும் மின்னஞ்சல். இரண்டுக்கும் நம் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே பதிலைத்தான் யோசிக்கிறார்கள்: அப்பீல் போட்டுவிடலாம். ஆனால் அங்கே அப்பீல் என்பது பல வழிகளில் ஒன்று மட்டும்தான். அதுவும் கடைசியில் கைகொடுக்கும் என்று நினைத்துச் சேமித்து வைத்தால் ஏமாற்றம் தரக்கூடியது. தண்டனையை ஏற்பது, விசாரணையிலேயே எதிர்ப்பது, முடிவு வந்தபின் மேல்முறையீடு செய்வது, நிர்வாகப் புகார் கொடுப்பது, வெளி நடுவரிடம் போவது, நீதிமன்றம் போவது என்று வழிகள் இருக்கின்றன. விசாவில் இருப்பவருக்கு இவற்றில் எது சரி என்பது நியாயத்தை மட்டும் பொறுத்ததல்ல, நாட்காட்டியையும் பொறுத்தது.

முதலில் மார்க் விஷயத்தைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் அதில் எல்லை தெளிவாக இருக்கிறது. 'இந்தக் கட்டுரைக்கு 48 போதாது, 60 தந்திருக்க வேண்டும்' என்ற வாதத்தை எந்த மேல்முறையீட்டுக் குழுவும் எடுத்துக்கொள்ளாது. விடையின் தரத்தை எடைபோடுவது ஆசிரியரின் கல்விசார் தீர்ப்பு. அதை வெளியாட்கள் திருத்துவதில்லை என்பது பல்கலைக்கழக விதியிலும் இருக்கிறது, நடுவர் அமைப்புக்கான சட்டத்திலும் இருக்கிறது. நம்மூரில் பணம் கட்டி மறுமதிப்பீட்டுக்குப் போட்டுப் பழகியவர்களுக்கு இதை நம்புவதே கடினம். அங்கே பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் அப்படி ஒரு கவுன்டரே கிடையாது.

ஆனால் மார்க் வந்த விதத்தைக் கேள்வி கேட்கலாம். கூட்டலில் பிழை, ஒரு பகுதிக்கு மார்க் ஏறாமல் விட்டுப்போனது, மாட்யூல் கையேட்டில் சொன்ன மதிப்பீட்டு அளவுகோலை விட்டுவிட்டு வேறொன்றால் திருத்தியது, விதிப்படி நடக்க வேண்டிய இரண்டாம் ஆசிரியரின் சரிபார்ப்பு நடக்காதது, முன்பே அனுமதித்த கூடுதல் நேரத்தைக் கணக்கில் எடுக்காமல் தாமத அபராதம் போட்டது: இவையெல்லாம் நடைமுறைப் பிழைகள். இவற்றில் பாதி, மாட்யூல் ஆசிரியருக்கு அனுப்பும் ஒரு மரியாதையான மின்னஞ்சலிலேயே தீர்ந்துவிடும். இன்னொரு வாசல், உடல்நலம் அல்லது குடும்பத்தில் நேர்ந்த பெரும் நிகழ்வு. ஊரில் பாட்டி இறந்தார், பரீட்சை நேரம் என்பதால் யாரிடமும் சொல்லாமல் எழுதிவிட்டேன் என்பவர்களை நிறையப் பார்க்கலாம். பல்கலைக்கழகம் முதலில் கேட்பது 'அப்போதே ஏன் சொல்லவில்லை' என்றுதான். அந்தக் கேள்விக்கு ஆதாரத்தோடு பதில் இருந்தால் வாசல் திறக்கும். இல்லையென்றால் இறப்புச் சான்றிதழ் மட்டும் போதாது. சான்றிதழ் தமிழில் இருந்தால் சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பும் வேண்டும். அதற்கே ஒரு வாரம் ஓடிவிடும்.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. எம்.எஸ்சி.யில் பெரும்பாலும் 50 தேர்ச்சி, 60 மெரிட், 70 டிஸ்டிங்ஷன். படிப்புக்குப் பிறகு வேலை தேட உதவும் கிராஜுவேட் விசாவுக்குப் பட்டம் முடித்தால் போதும், மெரிட்டா வெறும் தேர்ச்சியா என்று அது பார்ப்பதில்லை. ஆகவே 58ஐ 60 ஆக்கும் போராட்டமும் 46ஐ 50 ஆக்கும் போராட்டமும் ஒன்றல்ல. முதலாவது தோற்றால் மனக்குறை. இரண்டாவது தோற்றால் நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டி வரலாம். பி.எச்டி. கனவு இருப்பவருக்கு மெரிட்டும் முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் நேரமும் தெம்பும் அளவோடு இருக்கும்போது, தேர்ச்சிக் கோட்டுக்குக் கீழே இருக்கும் மாட்யூலுக்குத்தான் முதலில் அவற்றைச் செலவிட வேண்டும்.

சரி, முறைகேட்டுப் புகாருக்கு வருவோம். இதில்தான் தேர்வுகள் உண்மையிலேயே சிக்கலானவை.

சேலத்திலிருந்து போன ஒரு மாணவி என்று வைத்துக்கொள்வோம். சப்ளை செயின் மாட்யூலுக்கு 3,000 சொல்லில் ஓர் அறிக்கை, கூடவே ஒரு எக்ஸெல் கணிப்பு அட்டவணை. கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்பு அதே வகுப்பில் படிக்கும் ரூம்மேட் வாட்ஸ்அப்பில் கேட்கிறாள்: 'அக்கா, ஷீட்டை ஒருதரம் அனுப்புங்க, பார்மேட் மட்டும் பார்த்துக்கறேன்.' இவர் அனுப்புகிறார். மே மாதம் இருவருக்கும் மின்னஞ்சல் வருகிறது. அட்டவணை அப்படியே ஒன்று, இரண்டு பத்திகளும் கிட்டத்தட்ட ஒன்று. புகார், கொலூஷன். அதாவது தனியாகச் செய்ய வேண்டியதைக் கூடிச் செய்தது. பதில் தர ஐந்து வேலை நாள். புகாரை விசாரிக்கும் பேனல் கூட்டம் ஜூனில்.

அவர் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. முழுவதும் ஒப்புக்கொண்டு விரைவாக முடித்துவிடுவது முதல் வழி. சில பல்கலைக்கழகங்கள் முதல் தவறை ஒப்புக்கொண்டால் பேனல் வரை போகாமல் துறை அளவிலேயே சிறிய தண்டனையோடு முடிக்கின்றன. எச்சரிக்கையோ, 50க்கு மேல் போகாதபடி வரம்பு வைத்த மறுசமர்ப்பிப்போ கிடைக்கலாம். இந்த நிம்மதிக்கு விலை உண்டு. ஒப்புக்கொண்டது பதிவில் நிற்கும், அடுத்த புகார் வந்தால் 'இரண்டாம் முறை' என்று தண்டனை பல மடங்காகும். மருத்துவம், சட்டம், நர்சிங் போன்ற படிப்புகளில் அந்தப் பதிவு தொழில் உரிமம் வரைக்கும் தொடரலாம். செய்யாததை ஒப்புக்கொண்டவர் பிறகு அப்பீலுக்குப் போய் 'பயத்தில் சொன்னேன்' என்றால் எடுபடுவது அரிது.

இரண்டாவது, முழுவதும் மறுப்பது. இந்த மாணவிக்கு இது வேலைக்காகாது. ஷீட்டை அனுப்பியது உண்மை. பல பல்கலைக்கழகங்களின் விதியில் வாங்கியவர் மட்டுமல்ல, கொடுத்தவரும் குற்றவாளிதான். மறுத்த பிறகு ரூம்மேட் தன் வாட்ஸ்அப்பைக் காட்டினால், அதுவரை அலட்சியம் என்று பார்க்கப்பட்டது ஏமாற்று என்று பார்க்கப்படும்.

மூன்றாவது, நடந்ததை நடந்த அளவுக்கு மட்டும் ஏற்பது. 'அட்டவணையும் பத்திகளும் என் உழைப்பு. பார்மேட் பார்க்க என்று கேட்டதால் பகிர்ந்தேன். நகலெடுப்பார் என்று தெரியாது, அதற்கு அனுமதி தரவில்லை. பகிர்ந்ததே விதிமீறல் என்றால் அதற்குப் பொறுப்பேற்கிறேன்.' என் கணிப்பில் இப்படிப்பட்ட வழக்குகளில் இதுதான் வலுவான நிலை, உண்மை இதுவாக இருக்கும்பட்சத்தில். பேனல் இரண்டு விஷயங்களைத் தனித்தனியாக முடிவு செய்கிறது: முறைகேடு நடந்ததா, நடந்தது என்றால் எவ்வளவு தண்டனை. முதலாவதில் தோற்றாலும் இரண்டாவதில் ஜெயிக்க இடம் இருக்கிறது. நோக்கம் என்ன, யார் எழுதியது, யாருக்கு ஆதாயம் என்பவை தண்டனையின் அளவை மாற்றும்.

நிரூபிக்கும் பொறுப்பு பல்கலைக்கழகத்தினுடையது. ஆனால் அளவுகோல் கிரிமினல் வழக்கில் இருப்பதுபோல் 'சந்தேகத்துக்கு இடமின்றி' என்பதல்ல. நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று தோன்றினால் போதும். ஆகவே 'அவர்களால் நிரூபிக்க முடியாது' என்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது ஆபத்து. ஒரு பக்கம் இரண்டு ஒத்த அட்டவணைகள் இருக்க, மறுபக்கம் வெறும் மௌனம் இருந்தால் தராசு எந்தப் பக்கம் சாயும்?

ஆதாரத்தில் முதலிடம் கோப்பின் வரலாற்றுக்கு. ஷீட் ஒன்டிரைவிலோ கூகுள் டிரைவிலோ இருந்தால் அதன் பழைய பதிப்புகள் தேதியோடு நிற்கும். ஏப்ரல் 3 அன்று வெறும் தலைப்புகள், 6 அன்று மூன்று மாத விற்பனை எண்கள், 9 அன்று சூத்திரத்தில் ஒரு பிழை, 11 அன்று அது திருத்தப்பட்டது என்று வளர்ந்த விதம் தெரிந்தால், அது ஒரே ராத்திரியில் ஒட்டியதல்ல என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். அந்தப் பதிப்புகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, எந்தத் தேதியில் எது மாறியது என்று பக்கத்தில் ஒரு வரி எழுதித் தர வேண்டும். மூலக் கோப்பைத் திறந்து புதிதாகச் சேமிப்பது, பெயர் மாற்றுவது, லேப்டாப்பை பார்மேட் செய்வது எதுவும் கூடாது. முதல் காரியமாக ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டு அதில்தான் வேலை பார்க்க வேண்டும்.

வாட்ஸ்அப் உரையாடலைப் பொறுத்தவரை, சாதகமான இரண்டு வரியை மட்டும் வெட்டிக் கொடுப்பதைவிட, அந்த வாரத்து உரையாடல் முழுவதையும் எக்ஸ்போர்ட் செய்து தருவது நல்லது. வெட்டிய படம் சந்தேகத்தைக் கிளப்பும். 'பார்மேட் மட்டும்' என்ற அந்தச் சொற்கள், அனுப்பிய நேரம், அதற்குப் பிறகு ரூம்மேட் எழுதியது எல்லாம் ஒரே வரிசையில் இருக்கும்போதுதான் பேனல் அதை நம்பும். ரூம்மேட் 'நான்தான் எடுத்தேன்' என்று எழுதித் தர முன்வந்தால் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் கட்டாயப்படுத்தக் கூடாது, வாசகத்தை இவர் எழுதித் தரவும் கூடாது. அப்படிச் செய்தால் அதுவே இன்னொரு புகாராகிவிடும்.

அப்புறம் மாட்யூல் கையேடு. 'ஒருவரோடு ஒருவர் கலந்து பேசலாம்' என்று அதிலோ ஆசிரியரின் மின்னஞ்சலிலோ எங்காவது இருந்தால் அந்த வரி பொன். முறைகேடு பற்றிய அறிமுக வகுப்பு தனக்கு நடந்ததா, எந்தத் தேதியில் என்பதையும் பார்க்க வேண்டும். ஜனவரியில் தாமதமாகச் சேர்ந்தவர்களுக்கு அது நடக்காமலே போவதுண்டு. மற்ற எழுத்துகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் டர்னிடின் மென்பொருளின் அறிக்கையில் வரும் சதவீதம் ஒப்புமையைக் காட்டுகிறதே தவிர குற்றத்தைக் காட்டுவதில்லை. 30 சதவீதத்தில் மேற்கோள்களும் நூற்பட்டியலும் கேள்வித்தாளின் வாசகமும் எவ்வளவு என்று பிரித்துக் காட்டினால் பல நேரம் எண் பாதியாகிவிடும். எதிர்ப்பக்க ஆதாரம் அனைத்தையும் கூட்டத்துக்கு முன்பே பார்க்கும் உரிமையும் மாணவருக்கு உண்டு. 'இரு அறிக்கைகளையும் பக்கத்துப் பக்கம் வைத்து அனுப்புங்கள்' என்று எழுத்தில் கேட்க வேண்டும்.

கூட்டத்துக்குத் தனியாகப் போகக் கூடாது. மாணவர் சங்கத்தின் ஆலோசனைப் பிரிவு இலவசமாக உதவும். பல்கலைக்கழக நிர்வாகத்திலிருந்து தனித்து இயங்கும் அந்த ஆலோசகர், இதே பேனலுக்கு முன்பு பலமுறை உட்கார்ந்தவராக இருப்பார். வெளியே பணம் வாங்கிக்கொண்டு 'அப்பீல் லெட்டர்' எழுதித் தரும் ஆட்களும் இருக்கிறார்கள். பத்துப் பேருக்கு எழுதிய அதே கடிதத்தைப் பதினொன்றாவதாக வாங்கி, முறைகேட்டுப் புகாருக்குப் பதிலாகத் தருவது எவ்வளவு பெரிய விபரீதம் என்று யோசித்துப் பாருங்கள்.

விசாரணையில் சொல்லாததைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று எதையும் நிறுத்தி வைக்கக் கூடாது. மேல்முறையீடு என்பது மறுவிசாரணை அல்ல. அங்கே பொதுவாக மூன்று காரணங்கள்தான் எடுபடும்: நடைமுறை மீறப்பட்டது, பாரபட்சம் இருந்தது, முன்பு தந்திருக்க முடியாத புதிய ஆதாரம் இப்போது கிடைத்திருக்கிறது. இதில் 'முன்பு தந்திருக்க முடியாத' என்பதுதான் பலரைக் கவிழ்க்கிறது. ஜூனிலேயே கையில் இருந்த ஷீட்டின் வரலாற்றை ஜூலையில் கொண்டுபோனால் 'ஜூனில் ஏன் தரவில்லை' என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். சில இடங்களில் தண்டனை அளவுக்கு மீறியது என்பதும் தனிக் காரணமாக ஏற்கப்படுகிறது. தன் பல்கலைக்கழக விதியில் அது இருக்கிறதா என்று படித்துப் பார்க்க வேண்டும். இதனால்தான் அந்த முதல் ஐந்து நாளில் தரும் பதிலையே முழு வழக்காக நினைத்து எழுதச் சொல்கிறேன்.

அப்பீலுக்கான கெடு பெரும்பாலும் முடிவு வந்த நாளிலிருந்து 10 முதல் 20 வேலை நாள். முடிவு வந்த அதே நாளில் இன்னொன்றும் அனுப்ப வேண்டும்: தன்னைப் பற்றிப் பல்கலைக்கழகம் வைத்திருக்கும் பதிவுகளைக் கேட்கும் தரவுக் கோரிக்கை. கட்டணம் கிடையாது, ஒரு மாதத்துக்குள் தர வேண்டும் என்பது சட்டம். சிக்கலான கோரிக்கை என்றால் மேலும் இரண்டு மாதம் நீட்டிக்கலாம். தேர்வு அறையில் எழுதிய விடைத்தாளை இந்த வழியில் கேட்க முடியாது. ஆனால் அதன்மேல் திருத்தியவர் எழுதிய குறிப்பைக் கேட்கலாம், உங்களைப் பற்றி ஆசிரியர்கள் பரிமாறிக்கொண்ட மின்னஞ்சல்களையும் கேட்கலாம். பதில் வருவதற்குள் அப்பீல் கெடு முடிந்துவிடும் என்பதால், அப்பீலைக் கெடுவுக்குள் போட்டுவிட்டு 'தரவுக் கோரிக்கையின் பதில் வந்ததும் கூடுதல் ஆதாரம் தருவேன்' என்று அதிலேயே எழுத வேண்டும்.

அப்பீலையும் நிர்வாகப் புகாரையும் குழப்பிக்கொள்பவர்களும் உண்டு. டெசர்டேஷன் வழிகாட்டி பாதியில் போய்விட்டார், இரண்டு மாதம் மாற்று ஆள் இல்லை என்றால் அது சேவைக் குறை, அதற்கு நிர்வாகப் புகார். புகாரில் ஜெயித்தால் கிடைப்பது மன்னிப்போ, இழப்பீடோ, கட்டணத்தில் கொஞ்சமோ. மார்க் மாறாது. மறுபடி எழுத வாய்ப்பு வேண்டும் என்றால் அப்பீல்தான். அதுவும் அந்தக் குறையை அது நடந்தபோதே மின்னஞ்சலில் சொல்லியிருந்தால் மட்டுமே பலம்.

இனி நாட்காட்டி. ஒரு வருட எம்.எஸ்சி. செப்டம்பர் முடிவில் முடிகிறது என்றால் ஸ்டூடன்ட் விசா மேலும் நான்கு மாதம், அதாவது ஜனவரி முடிவு வரை இருக்கும். கிராஜுவேட் விசாவுக்கு அந்தத் தேதிக்குள், நாட்டுக்குள் இருந்தபடியே விண்ணப்பிக்க வேண்டும். அதற்கும் முன்பு, படிப்பை முடித்துவிட்டார் என்று பல்கலைக்கழகம் உள்துறை அமைச்சகத்துக்குத் தெரிவித்திருக்க வேண்டும். நம் மாணவிக்கு ஜூன் பேனலில் வந்த தண்டனை, அந்த மாட்யூலுக்குப் பூஜ்யம், ஆகஸ்டில் 50 வரம்போடு மறுசமர்ப்பிப்பு என்று வைத்துக்கொள்வோம். அப்பீல் போட்டுவிட்டு, 'ஜெயித்தால் பழைய மார்க் வரும், எதற்கு மறுபடி எழுதுவது' என்று ஆகஸ்டை விட்டுவிட்டால் என்ன ஆகும்? அப்பீல் நடைமுறை முடிய 90 நாள் வரை ஆகலாம். செப்டம்பரில் தோற்றால் அடுத்த வாய்ப்பு அடுத்த கல்வியாண்டில்தான் இருக்கக்கூடும். ஜனவரிக்குள் பட்டம் இல்லை, கிராஜுவேட் விசாவும் இல்லை. ஸ்டூடன்ட் விசாவை நீட்டிப்பது சில சூழலில் முடியும், ஆனால் அதற்குப் பல்கலைக்கழகம் மறுபடி ஸ்பான்சர் செய்ய வேண்டும், கட்டணமும் மருத்துவ சர்சார்ஜும் கட்ட வேண்டும்.

அதனால் இரண்டையும் சேர்த்துச் செய்வதுதான் சரி. அப்பீலைப் போட வேண்டும், ஆகஸ்டில் மறுசமர்ப்பிப்பும் தர வேண்டும். 'இதைச் சமர்ப்பிப்பதால் பேனல் முடிவை ஏற்றுக்கொண்டதாக ஆகாது, என் அப்பீல் தொடர்கிறது' என்று ஒரு வரி மின்னஞ்சல் போதும். ஜெயித்தால் பழைய மார்க், தோற்றால் 50. எப்படியும் அக்டோபர், நவம்பரில் தேர்வு வாரியம் கூடும்போது பட்டம் கைக்கு வர வழி இருக்கிறது. ஆனால் சில பல்கலைக்கழகங்களில் பட்டத்தை ஏற்றுக்கொண்டாலோ பட்டமளிப்பு விழாவில் கலந்துகொண்டாலோ அப்பீல் உரிமை போய்விடும் என்று விதி இருக்கிறது. அதை முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பல்கலைக்கழகத்திலிருந்து நீக்குவதே தண்டனை என்றால் கதையே வேறு. மாணவர் வெளியேற்றப்பட்டதைப் பல்கலைக்கழகம் 10 வேலை நாளுக்குள் உள்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். அதன்பின் விசாவை பொதுவாக 60 நாளாகச் சுருக்கிவிடுவார்கள். ஆகவே அங்கே சமரசத்துக்கு இடமில்லை, முழுமூச்சாக எதிர்க்க வேண்டும். 'உள் அப்பீல் முடியும்வரை என் பதிவை நிறுத்தாமல் வைப்பீர்களா' என்று முதல் நாளே எழுத்தில் கேட்க வேண்டும். விசா பற்றிய யோசனையைப் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்திடமோ அனுமதி பெற்ற ஆலோசகரிடமோ மட்டும் கேளுங்கள். இங்கிலாந்தில் அனுமதி இல்லாதவர் குடியேற்ற ஆலோசனை தருவது சட்டப்படி குற்றம், அங்கே இருந்துகொண்டு யோசனை சொல்லும் நம்மூர் கன்சல்டன்சி அண்ணனுக்கும் அது பொருந்தும்.

உள்வழிகள் முடிந்ததும் பல்கலைக்கழகம் 'நடைமுறை முடிந்தது' என்று ஒரு கடிதம் தரும். அந்தத் தேதியிலிருந்து 12 மாதத்துக்குள் உயர்கல்விக்கான சுயேச்சை நடுவர் அலுவலகத்துக்கு, சுருக்கமாக ஓ.ஐ.ஏ.வுக்குப் போகலாம். இது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும். ஸ்காட்லாந்தில் படிப்பவருக்குப் புகார்களை விசாரிக்கும் பொதுச்சேவை ஆம்புட்ஸ்மன் இருக்கிறார். ஓ.ஐ.ஏ.வுக்குக் கட்டணம் இல்லை, எல்லாம் ஆன்லைனில், சேலத்தில் உட்கார்ந்துகொண்டே நடத்தலாம். ஆனால் அது மார்க்கை மாற்றாது, விசாவை நீட்டிக்காது. விசாரணை நியாயமாக நடக்கவில்லை என்று கண்டால் 'புதிய பேனல் வைத்து மறுபடி பாருங்கள்' என்றோ இழப்பீடு தரச் சொல்லியோ பரிந்துரைக்கும். அண்மை ஆண்டுகளில் அங்கே போகும் புகார்களில் நான்கில் ஒன்றோ அதற்கும் குறைவாகவோதான் ஏதாவது ஒரு வகையில் மாணவருக்குச் சாதகமாக முடிகின்றன. ஆதாரத்தைக் காட்டாமலே பேனல் நடத்தினார்கள், முடிவுக்குக் காரணம் எழுதவில்லை, கெடு நீட்டிப்புக் கோரிக்கைக்குப் பதிலே தரவில்லை என்பது போன்ற குறைகள் கையில் இருந்தால் நாடு திரும்பிய பிறகும் இந்த வழியை விடக் கூடாது.

நீதிமன்றத்தைக் கடைசியில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முடிவின் சட்டபூர்வத்தை ஆராயும் நீதிமுறை மறுஆய்வுக்கு உடனடியாக, எப்படியும் 3 மாதத்துக்குள் போக வேண்டும். தோற்றால் எதிர்த்தரப்பின் செலவும் தலையில் விழும். ஓ.ஐ.ஏ. போகாமல் வந்தால் நீதிமன்றம் பொதுவாக 'முதலில் அங்கே போய்விட்டு வாருங்கள்' என்றுதான் சொல்லும். லிங்கன்ஷயர் அண்ட் ஹம்பர்சைட் பல்கலைக்கழகத்துக்கு எதிராக கிளார்க் என்ற மாணவி தொடுத்த வழக்கில் 2000இல் வந்த தீர்ப்பு அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. கணினியில் வேலை அழிந்துபோனதால் புத்தகக் குறிப்புகளைச் சமர்ப்பித்தவர், முதலில் திருட்டு எழுத்து என்று ஃபெயிலாக்கப்பட்டு, உள் அப்பீலில் அந்தக் குற்றச்சாட்டு நீங்கியும் மறுபடி திருத்தியபோது பூஜ்யம் வாங்கியவர். பல்கலைக்கழகம் தன் சொந்த விதியை மீறியது என்ற ஒப்பந்த வாதத்தை நீதிமன்றம் கேட்கும் என்று அப்பீல் நீதிமன்றம் சொன்னது. கூடவே, கல்விசார் தீர்ப்பில் தலையிட மாட்டோம் என்றும் சொன்னது. லட்சக்கணக்கில் செலவழித்து அங்கே போனாலும், மாணவர் சங்க ஆலோசகர் முதல் நாள் கேட்ட அதே கேள்வியைத்தான் நீதிபதியும் கேட்பார்: பல்கலைக்கழகம் எந்த விதியை, எந்தத் தேதியில் மீறியது?